கணபதி பட்டறையா, ஒரகடம் கம்பெனியா? டிப்ளமோ முடித்தவர் கையில் இருக்கும் இரண்டு வேலைகள்

கோவையில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து வெளியே வரும் பையனுக்குப் பெரும்பாலும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கும். ஒன்று, கணபதியிலோ பீளமேட்டிலோ குறிச்சி சிட்கோவிலோ கணினிக் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி இயந்திரங்களை வைத்து ஒரு குடும்பம் நடத்தும் பட்டறை. இன்னொன்று, கல்லூரிக்கே வந்து ஆளெடுக்கும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பெரிய வாகனத் தொழிற்சாலை. வீட்டில் அம்மா பெரிய கம்பெனிதான் என்பார். பட்டறையில் இருபது வருடம் நின்ற மாமா, "அங்க போனா நட்டு முடுக்கிட்டே கிடப்பே" என்பார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இருவரும் பேசுவது பொதுவான பட்டறையையும் பொதுவான கம்பெனியையும் பற்றி. கையில் இருக்கும் இரண்டு கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை வேறாக வரக்கூடும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். பையனுக்கு வயது 20, வீடு சரவணம்பட்டி. பட்டறையில் மொத்தம் 14 பேர். ஐந்து சிஎன்சி லேத், விஎம்சி எனும் செங்குத்து மில்லிங் இயந்திரம் இரண்டு. பம்பு, வால்வு உதிரிகளை மற்றவர்களின் ஆர்டருக்குச் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க். அப்பாவும் இரண்டு மகன்களும் நடத்துகிறார்கள். சம்பளம் 16,000 ரூபாய். கம்பெனியோ இரண்டு வருடப் பயிற்சிக் காலத்துக்கு ஆண்டுக்கு 2.78 லட்சம் சிடிசி, அதாவது ஒரு ஆளுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தத் தொகை, என்கிறது.

கைக்கு வருவதும் கையில் நிற்பதும்

2.78 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 23,170 ரூபாய் வரும். வீட்டார் பார்ப்பது இந்த எண்ணைத்தான். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 15,000, வீட்டு வாடகைப்படி 5,000, ஆக மொத்தச் சம்பளம் 20,000. மீதி 3,170 ரூபாய் கம்பெனி தன் பங்காகக் கட்டுவது: பி.எஃப்.புக்கு 1,800, இ.எஸ்.ஐ.க்கு 650, பணிக்கொடைக்கென்று ஒதுக்கும் 720 சொச்சம். பையனின் பங்காக பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150 பிடித்தபின் கைக்கு வருவது 18,050. நான்கு பேர் பகிரும் அறையில் வாடகைப் பங்கு 3,500, ஷிஃப்ட் சாப்பாடு போக மற்ற வேளைச் சாப்பாட்டுக்கு 3,000, ஊருக்கு வந்து போக 1,500 என்று வைத்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 10,000.

பட்டறையில் 16,000க்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் 120 போக 15,880. பெட்ரோலுக்கு 1,500 போனால் 14,380. வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தூக்கம். இந்த அளவில் பட்டறைதான் லாபம் என்று தோன்றும். ஆனால் கம்பெனிக் கணக்கில் மாதம் 3,600 ரூபாய் பையன் பெயரில் வேறிடத்தில் சேர்கிறது. அதில் 2,350 பி.எஃப். கணக்குக்கும், கம்பெனி கட்டுவதில் 1,250 ஓய்வூதியத் திட்டத்துக்கும் போகின்றன. அதையும் கூட்டினால் 13,600. இடைவெளி மாதம் 780 ரூபாய்தான். அதாவது முதல் இரண்டு வருடம் பணத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வாடகை, சாப்பாட்டு எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் இந்தக் கணக்கை உங்கள் எண்களோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், சம்பளத்தை வைத்து முடிவெடுக்கும் எண்ணம் போய்விடும். அப்புறம்தான் மற்றதைப் பேச முடியும்.

சிடிசிக்குள் இருக்கும் பணிக்கொடையைப் பணமாக எண்ண வேண்டாம். நிரந்தர ஊழியருக்கு அது ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில், குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டு எடுக்கப்படுபவருக்கு ஒரு வருடம் போதும் என்று ஆகியிருக்கிறது. ஆகவே உங்கள் கடிதம் எந்த வகை என்று கேட்பதில் காசு இருக்கிறது.

கடிதத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது

பெரிய கம்பெனியின் வாசலுக்குள் மூன்று வகை ஆட்கள் ஒரே நிறச் சட்டையில் நிற்பார்கள். ஒருவர் கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியின் சொந்த ஊழியர் பட்டியலில், உள்ள டிரெய்னி. இன்னொருவர் 1961ஆம் ஆண்டு அப்ரென்டிஸ் சட்டத்தின்கீழ் வந்தவர். மூன்றாமவர் ஒப்பந்தக்காரர் ஒருவர் அனுப்பிவைத்தவர். முதல் நாள் மூவருக்கும் வேலை ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் கடைசி நாளில் தெரியும்.

அப்ரென்டிஸ் சட்டப்படி வருபவருக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, உதவித்தொகை. பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது. காலம் முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்கு இல்லை. சான்றிதழ் உண்டு, அதற்கு மதிப்பும் உண்டு. ஆனால் "பெரிய கம்பெனியில வேலை கெடச்சிருச்சு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு ஒரு வருடத்தில் பெட்டியோடு திரும்பும் பையன்கள் பெரும்பாலும் இந்த வகைதான். ஒப்பந்தக்காரர் வழி போனால் பி.எஃப். இருக்கும், ஆனால் அனுபவச் சான்றில் இருப்பது ஒப்பந்தக்காரரின் பெயர்.

கடிதத்தில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்: யார் பெயரில் கடிதத் தாள் இருக்கிறது, "டிரெய்னி" என்று இருக்கிறதா "அப்ரென்டிஸ்" என்று இருக்கிறதா, பயிற்சி முடிவில் பணி உறுதி பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா. "தேர்ச்சி பெற்றால் பரிசீலிக்கப்படும்" என்ற வரியே போதும். கடிதம் அதைப் பற்றி ஒன்றுமே சொல்லாவிட்டால், போன வருடத்து ஆட்களில் எத்தனை பேர் உறுதியானார்கள் என்று உங்கள் கல்லூரியில் மேல் வகுப்பில் இருந்தவர்களைக் கேளுங்கள். வேலைவாய்ப்பு அலுவலர் சொல்வதைவிட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

பட்டறையில் கடிதமே இருக்காது. "நாளைக்கு வந்திரு தம்பி, நம்ம வீட்டுப் பையன் மாதிரி பாத்துக்கறேன்" என்பதுதான் கடிதம். சொல்பவர் மனதாரத்தான் சொல்வார். ஆனால் மூன்று வருடம் கழித்து வேறிடத்துக்குப் போகும்போது அந்தச் சொல்லைக் காட்ட முடியாது. சேரும்போதே பணி நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய சட்டத் தொகுப்பு அதை எல்லா முதலாளிக்கும் கடமையாக்கியிருக்கிறது. கொடுக்கத் தயங்கினால் வங்கிக் கணக்கில் சம்பளம், இ.எஸ்.ஐ. எண் இரண்டையாவது விடாதீர்கள். வங்கி வரவும் இ.எஸ்.ஐ. பதிவும் சேர்ந்தால் நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கு அதுவே சாட்சி. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் எதுவானாலும், பட்டறையோ கம்பெனியோ, கொடுக்காதீர்கள். சரிபார்த்துத் திருப்பித் தரட்டும்.

எங்கே என்ன கற்றுக்கொள்ள முடியும்

இங்கேதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது, பலர் நினைப்பது போல ஒரு பக்கமாகவும் இல்லை.

பட்டறையில் ஒரு ஜாப் எப்படி வருகிறது என்று பாருங்கள். காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு டிராயிங் வரும். மதியம் மெட்டீரியல் வந்து இறங்கும். பவர் ஹேக்சாவில் வெட்டுவது, ஜாப்பைப் பிடிக்க ஃபிக்ஸ்சர் யோசிப்பது, புரோகிராம் எழுதுவது, டூல் கட்டி ஆஃப்செட் எடுப்பது, முதல் பீஸ் ஓட்டி அளப்பது, டெலிவரி சலான் போட்டு வண்டியில் ஏற்றி வாடிக்கையாளரின் இன்ஸ்பெக்‌ஷன் மேசைவரை கொண்டுபோவது, அங்கே திருப்பி அனுப்பினால் ஏன் என்று கேட்டு வருவது, எல்லாம் ஏழெட்டுப் பேருக்குள் நடக்கும். கண் திறந்திருக்கும் பையன் ஆறு மாதத்தில் இந்த முழு வட்டத்தையும் பார்த்துவிடுவான். கம்பெனியில் இதே வட்டம் ஐந்து துறைகளில் சிதறிக் கிடக்கும்.

அதைவிட அரிய பாடம் ஒன்று பட்டறையில் இருக்கிறது: விலை போடுவது. ஒரு லேத்துக்கு மணிக்கு 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பீஸுக்கு நான்கு நிமிடம் என்றால் 26 ரூபாய் 67 காசு. இயந்திரத்தை அந்த ஜாப்புக்குத் தயார் செய்யும் செட்டிங்குக்கு இரண்டு மணி நேரம், அதாவது 800 ரூபாய். 200 பீஸுக்குப் பரப்பினால் பீஸுக்கு 4 ரூபாய். இன்செர்ட் எனும் 320 ரூபாய் வெட்டுத் துண்டில் நான்கு முனை, ஒரு முனை 60 பீஸ் ஓடும் என்றால் பீஸுக்கு 1 ரூபாய் 33 காசு. ஆக அடக்கம் 32 ரூபாய். 38க்கு விலை பேசினால் நல்ல வேலை. இப்போது வாடிக்கையாளர் அதே 200 பீஸை 40, 40 ஆக ஐந்து தடவையாக வாங்குகிறார். ஒவ்வொரு தடவையும் செட்டிங் புதிதாகப் போட வேண்டும். செட்டிங் செலவு பீஸுக்கு 20 ரூபாயாக ஏறி அடக்கம் 48 ஆகிவிடும். பீஸுக்குப் பத்து ரூபாய் நட்டத்தில் இயந்திரம் நாள் முழுக்க ஓடும், பார்ப்பவருக்கு நல்ல பிஸியாக இருப்பது போலத் தெரியும். ஜாப் ஒர்க் பட்டறைகள் ஆர்டர் இருக்கும்போதே நொடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கம்பெனியில் இந்தக் கணக்கு காஸ்டிங் துறையின் கணினியில் இருக்கும். லைனில் நிற்பவர் கண்ணில் படாது. பட்டறையிலும் முதலாளி அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் ஒரு பீஸுக்கு ஆகும் சைக்கிள் டைம் குறித்துக் கொடுக்கும் வேலையை நீங்களே வாங்கிச் செய்தால் மீதி தானாகப் புரியும்.

பட்டறை கற்றுத்தராதது, ஏன் என்ற கேள்விக்கான பதில். ஒரு உதாரணம். அலுமினிய ஜாப்பில் 25 H7 போர், அதாவது 25 மில்லிமீட்டர் துளை. அளவு 25.000க்கும் 25.021க்கும் இடையில் இருக்க வேண்டும். இயந்திரத்திலிருந்து எடுத்த கையோடு அளந்தால் 25.008 காட்டுகிறது, சரி என்று தட்டில் போடுகிறார்கள். வாடிக்கையாளர் இடத்தில் துளையைச் சோதிக்கும் 'கோ' கேஜ் உள்ளே போகவில்லை. மொத்த லாட்டும் திரும்பி வருகிறது. நடந்தது இதுதான்: வெட்டும் சூட்டில் பீஸ் 20 டிகிரி கூடுதலாக இருந்தால், அலுமினியத்தில் 25 மில்லிமீட்டர் போர் ஏறக்குறைய 0.012 விரிந்திருக்கும். ஆறியதும் 24.996. பட்டறையின் பெரிய செட்டர் அனுபவத்தில் "ஆறட்டும், அப்பறம் அள" என்பார். ஆனால் எவ்வளவு விரியும், எஃகில் ஏன் அதில் பாதிதான் விரியும் என்று அவருக்குச் சொல்லித்தர யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அவர் விடுப்பில் போன வாரம் லாட் திரும்பும்.

பெரிய கம்பெனியில் அதே விஷயம் கன்ட்ரோல் பிளானில் எழுதப்பட்டிருக்கும்: எந்த வெப்பத்தில், எந்தக் கருவியால், எத்தனை பீஸுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். அளக்கும் கருவியையும் அளப்பவரையும் சோதிக்கும் முறை இருக்கும். தவறு நடந்தால் காரணத்தைத் தோண்டி எழுதாமல் தாளை மூட முடியாது. வாகனத் துறையின் ஐஏடிஎஃப் 16949 தரமுறை கேட்பது இந்த ஒழுங்கைத்தான். இதைப் பழகிய கை பிற்பாடு எந்தப் பட்டறையிலும் விலை போகும். பட்டறை முதலாளிகள் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தவரைக் கூடுதல் சம்பளத்துக்கு எடுப்பது இதற்காகத்தான். அடுத்த பெரிய வாடிக்கையாளரின் ஆடிட்டைத் தாண்ட அவர் வேண்டும்.

ஆனால் இந்தப் பாடம் கம்பெனிக்குள் எல்லாருக்கும் கிடைப்பதில்லை. தரம், பராமரிப்பு, புது உதிரி மேம்பாடு ஆகிய துறைகளில் இருப்பவருக்குக் கிடைக்கும். அசெம்ப்ளி லைனில் நிற்பவருக்கு நிமிடத்துக்கு ஒரு வண்டிப் பாகம் வரும். இடைவேளை போக 450 நிமிட ஷிஃப்டில் அதே போல்ட்டை 450 தடவை முடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் அது ஒழுங்கைக் கற்றுத்தரும். இரண்டாவது வருடமும் அதே நிலையத்தில் நின்றால் மாமா சொன்னது பலித்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முதல் 18 மாதத்தில் என்னை எந்தெந்தத் துறையில் வைப்பீர்கள்? அட்டவணை இருக்கும் கம்பெனி உடனே சொல்லும். "தேவையைப் பொறுத்து" என்று பதில் வந்தால் லைன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைக்கும் இதேபோல ஒரு கேள்வி உண்டு: எத்தனை மாதத்தில் செட்டிங்கில் கை வைக்க விடுவீர்கள்? ஆபரேட்டராகவே வைத்து பட்டன் அழுத்தவிடும் பட்டறைகளும் நிறைய. பழைய செட்டர் தன் இடம் போய்விடும் என்று சொல்லித்தர மறுப்பதும் நடக்கும். ஒரு வருடம் முடியும்போது நீங்களே தனியாக ஒரு புது ஜாப்பைச் செட் செய்து முதல் பீஸ் எடுக்க முடியவில்லை என்றால் அந்தப் பட்டறை உங்களைக் கற்கவிடவில்லை.

எது உறுதியான வேலை

பெரிய கம்பெனி மூடாது என்ற நம்பிக்கையைச் சென்னைப் புறநகரே இரண்டு முறை உடைத்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்து, 2022 ஜூலையில் கடைசி வண்டி வெளியேறியது. ஆனால் அங்கேயும் ஒரு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். ஆட்குறைப்புக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச இழப்பீடு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம். ஃபோர்டில் தொழிற்சங்கம் பேச்சுவார்த்தை நடத்தி அதைவிடப் பல மடங்கு வாங்கியது. அது ரோலில் இருந்த நிரந்தரத் தொழிலாளருக்கு. அப்ரென்டிஸுக்கும் ஒப்பந்த ஆளுக்கும் அந்தப் பேரம் கிடையாது. கம்பெனியின் பாதுகாப்பு என்பது கம்பெனியின் பெயரில் இல்லை, ரோலில் இருக்கிறது.

பட்டறையின் ஆபத்து வேறு மாதிரி. அது ஒரே நாளில் மூடாது; மெல்ல மெல்லக் காயும். சம்பளம் 7ஆம் தேதியிலிருந்து 12க்கும், பிறகு 18க்கும் தள்ளும். சிறு தொழிலுக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தும், பெரிய வாடிக்கையாளரிடமிருந்து பணம் வர 90 நாள், 120 நாள் ஆகும். ஒரே வாடிக்கையாளரை நம்பி முக்கால்வாசி வேலை ஓடினால், அவர் ஆர்டரை நிறுத்தும் மாதத்தில் பட்டறைக்கு வங்கித் தவணை கட்டவே வழியிருக்காது. 2012இல் நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது கோவைப் பட்டறைகள் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு, சிறு தொழிலை அடிக்கும் காற்று எங்கிருந்தும் வரும் என்று தெரியும்.

வெளியே இருந்து இதை அறிய வழி இருக்கிறது. ஒரு புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஏழு இயந்திரத்தில் எத்தனை ஓடுகின்றன? ரேக்கில் அடுக்கியிருக்கும் ஜாப்பெல்லாம் ஒரே வகையா, நாலைந்து வகையா? மெட்டீரியல் வாடிக்கையாளர் கொடுத்ததா, முதலாளி வாங்கியதா? எதிரில் இருக்கும் டீக்கடையில் பட்டறை ஆட்களுக்குக் கணக்கு இருக்கும். சம்பளம் எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும், அன்றுதான் அவர் பாக்கி அடைகிறது.

குடும்பத் தொழிலுக்கு மட்டும் உரிய ஆபத்து ஒன்று உண்டு, பாகப் பிரிவினை. அப்பா இருக்கும்வரை ஒரே அலுவலகத்தில் உட்காரும் அண்ணனும் தம்பியும், அவர் காலத்துக்குப் பின் லேத்தை ஒருவரும் விஎம்சியை ஒருவரும் எடுத்துக்கொண்டு பிரிவார்கள். வாடிக்கையாளர்கள் பிரிவார்கள், ஆட்களும் பிரிவார்கள். நீங்கள் யார் பக்கம் என்ற கேள்வி வரும். ஒரே கூரைக்குக் கீழ் இரண்டு பெயர்ப் பலகை, இரண்டு பில் புத்தகம் இருந்தால் கவனியுங்கள். அது வரப்போகும் பிரிவின் தொடக்கமாக இருக்கலாம். அல்லது ஆள் எண்ணிக்கையை இருபதுக்குக் கீழ் காட்டி பி.எஃப். கட்டாமல் இருக்கச் செய்த ஏற்பாடாக இருக்கலாம். இருபது பேராவது இருந்தால்தான் பி.எஃப். கட்டாயம் என்பதால் 14 பேர் பட்டறையில் அது இல்லாதது சட்டமீறல் அல்ல. ஆனால் பத்துப் பேராவது இருந்தால் இ.எஸ்.ஐ. கட்டாயம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சுழலும் சக்கும் பிரஸ்ஸும் இருக்கும் இடத்தில் விரல் போவதற்கு ஒரு நொடி போதும். இ.எஸ்.ஐ. இருந்தால் வேலையிடத்துக் காயத்துக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே, குணமாகும்வரை சம்பளத்தில் 90 விழுக்காடு வரும், மருத்துவமும் அதிலேயே. அது இல்லாவிட்டால் முதலாளியின் நல்ல மனதும் அவர் கையிலிருக்கும் பணமும்தான். நல்ல மனது பெரும்பாலும் இருக்கும், பணம் இருக்காது.

அந்த நல்ல மனதைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. அக்கா கல்யாணத்துக்கு ஒரு லட்சம் முன்பணம் எந்தக் கம்பெனி மனிதவளத் துறையும் ஒரே பேச்சில் கொடுக்காது. பட்டறை முதலாளி கொடுப்பார். ஆனால் அந்தப் பணம் கழியும்வரை நீங்கள் வேறிடம் போக முடியாது, சம்பள உயர்வும் கேட்க முடியாது. மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் முன்பணம் வாங்காமல் இருப்பது நல்லது.

வளர்ச்சி எதுவரை

கம்பெனியில் படிகள் தெரியும், வேகம் குறைவு. டிப்ளமோவில் நுழைந்தவரும் பி.இ.யில் நுழைந்தவரும் வேறு வேறு படிக்கட்டில் ஏறுவார்கள். நடுவில் தாண்ட பி.இ. வேண்டும். இங்கேதான் கோவைக்கு ஒரு தனி வசதி. வேலை பார்க்கும் டிப்ளமோக்காரர்களுக்கு மாலையில் பகுதி நேர பி.இ. நடத்தும் நல்ல கல்லூரிகள் இங்கே இருக்கின்றன. பட்டறையில் பகல் வேலை என்றால் மாலை வகுப்புக்குப் போகலாம். ஒரகடத்தில் வாரம் மாறும் மூன்று ஷிஃப்டோடு இது நடக்காது. ஆனால் அந்தச் சேர்க்கைக்கு வேலை அனுபவச் சான்று கேட்பார்கள். கடிதம் தராத பட்டறையில் சேர்ந்திருந்தால் இந்த வழி அடைபடும்.

பட்டறையில் உயர்வு வேகமாக வரும். செட்டராக ஆனதும் ஒரு உயர்வு, புரோகிராமும் போடத் தெரிந்ததும் இன்னொன்று. தீபாவளிக்கு முன் உட்கார்ந்து பேசி வாங்க வேண்டும், தானாக வராது. ஆனால் நாலைந்து வருடத்தில் கூரை தலையில் இடிக்கும். வாடிக்கையாளரிடம் விலை பேசுவதும் செக்கில் கையெழுத்துப் போடுவதும் மகன்கள் வேலை. மேலாளர் என்ற பெயர் கிடைத்தாலும் முடிவு சாப்பாட்டு மேசையில் நடக்கும். அதற்கப்புறம் உள்ள வழி சொந்தப் பட்டறை. கோவையில் பல பட்டறைகள் இப்படிப் பிறந்தவைதான்: பழைய முதலாளியிடமே மிச்ச ஜாப்பை வாங்கி, பழைய லேத் ஒன்றை வைத்துத் தொடங்குவது. டிப்ளமோ, ஐடிஐ, பட்டம் படித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் திட்டச் செலவில் 25 விழுக்காடு மானியம் உண்டு. இந்தக் கனவு இருப்பவருக்கு விலை போடும் பாடம் எந்தச் சம்பளத்தையும்விடப் பெரியது.

எனவே எதை எடுப்பது

இந்தப் பையனுக்கு எங்கள் கணிப்பு இது. கடிதம் கம்பெனி ரோலில் டிரெய்னி என்று இருந்து, தரம் அல்லது பராமரிப்பில் பயிற்சி அட்டவணையும் சொன்னால், ஒரகடம் போகட்டும். காரணம், கல்லூரி வழி ஆளெடுப்பு அந்தந்த வருடம் முடித்தவர்களுக்கானது. இரண்டு வருடம் கழித்துப் பட்டறையிலிருந்து அந்த வாசலுக்குப் போனால் திறக்காது. நான்கு வருடம் கம்பெனியில் இருந்தவருக்குப் பட்டறை வாசல் எந்நாளும் திறந்திருக்கும், அதுவும் மேல் படியில். கடிதம் அப்ரென்டிஸ் என்றோ ஒப்பந்தக்காரர் பெயரிலோ இருந்தால், இ.எஸ்.ஐ.யும் வங்கிச் சம்பளமும் தரும் பட்டறையே மேல். ஒரு வருடத்தில் செட்டிங், பிறகு பகுதி நேர பி.இ. என்று போகலாம். இரண்டும் இல்லாத பட்டறையும் லைன் வேலையும் மட்டுமே கையில் இருந்தால், இன்னும் இரண்டு மாதம் தேடுவது நட்டமில்லை. கோவையில் செட்டருக்கும் கற்றுக்கொள்ளும் பையனுக்கும் ஆள் தேவை ஓயாது.

பட்டறையை எடுப்பவர், வெளியேறும் நாளையும் இப்போதே யோசித்துவைக்க வேண்டும். டெஸ்பாட்ச் நெருக்கும் மாதக் கடைசியில் போகிறேன் என்று சொல்லாதீர்கள். மாதம் பிறந்து முதல் வாரத்தில், பெரியவரிடம் நேரில் சொல்லுங்கள், மகனிடம் போனில் வேண்டாம். முன்பணத்தை அதற்கு முன்பே கழித்துவிடுங்கள். நீங்கள் போட்ட புரோகிராம்களையும் டூல் பட்டியலையும் அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி ஒப்படைத்து, ஒரு மாதம் அவரோடு நில்லுங்கள். அந்த ஒரு மாதத்துக்குள், சேர்ந்த தேதி, விட்ட தேதி, பார்த்த வேலை மூன்றும் எழுதிய அனுபவச் சான்றைக் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிச் சம்பளம் கைக்கு வந்தபின் அதைக் கேட்டு நடப்பது கஷ்டம்.